‘கேஸ் மானியம் வரவு’ என்கிறது மெசேஜ்... பாஸ்புக்கில் காணோமே, பணம் எங்கே?

சிலிண்டர் வந்து இறங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும். செல்போனில் ஒரு மெசேஜ் வருகிறது. ‘உங்கள் சமையல் எரிவாயு மானியம் 300 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.’ மறுநாள் வங்கிக்குப் போய் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால், போன மாதம் இருந்த அதே தொகைதான். கேஸ் ஏஜென்சியில் கேட்டால், “எங்க சிஸ்டத்துல பணம் போயிடுச்சுன்னுதாம்மா காட்டுது, பேங்க்ல கேளுங்க” என்கிறார்கள். வங்கியில் கேட்டால், “எங்களுக்கு எதுவும் வரலைம்மா, ஏஜென்சில கேளுங்க” என்கிறார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று தோல் தொழிலை நம்பி வாழும் ஊர்களில் இந்த அலைச்சல் பலருக்கும் நேரக்கூடியது. ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. 300 ரூபாயைத் தேடி இரண்டு முறை அலைந்தால், தேடுவதிலேயே அந்தப் பணம் தீர்ந்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் ஏஜென்சி சொல்வதும் உண்மை, வங்கி சொல்வதும் உண்மை, மெசேஜ் சொல்வதும் உண்மை. பணம் வரவாகியிருக்கிறது. ஆனால், வீட்டில் இருக்கிற பாஸ்புக்கில் அல்ல. எனவே, ‘பணம் வந்ததா’ என்று கேட்பதை விட, ‘எந்த வங்கிக்கு வந்தது’ என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

முதலில், மானியம் உண்டா என்று பாருங்கள்

தேடுவதற்கு முன்பு ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சமையல் கேஸ் மானியம் இப்போது எல்லோருக்கும் வருவதில்லை. 2020 ஜூன் முதல், பொதுவாக உஜ்வாலா திட்டத்தில் சேராத குடும்பங்களுக்கு மானியம் போடப்படுவதில்லை. உஜ்வாலா இணைப்பு வைத்திருக்கும் பெண்களுக்கு 2022 மே மாதம் முதல் சிலிண்டருக்கு 200 ரூபாய் தரப்பட்டது. 2023 அக்டோபரில் அது 300 ரூபாயானது. 2025-26 நிதியாண்டுக்கு, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 300 ரூபாய் வீதம், ஆண்டுக்கு 9 சிலிண்டர் வரை என்று மத்திய அரசு முடிவு செய்தது.

சிலிண்டர் வாங்கும்போது முழு விலையையும் கொடுத்துவிட வேண்டும். உதாரணமாக, 2025 ஏப்ரலில் சென்னையில் ஒரு சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு. உஜ்வாலா பயனாளியும் அதையே கொடுத்து வாங்கினார். அவருக்கு 300 ரூபாய் பிறகு வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும். அது வராமல் போனால், சலுகை விலை சிலிண்டரை முழு விலைக்கு வாங்கியதாகத்தான் அர்த்தம்.

உஜ்வாலாவில் இல்லாத ஒருவருக்கு ‘மானியம் வரவு’ என்று மெசேஜ் வந்தால், அதில் இருக்கும் நுகர்வோர் எண்ணை கேஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். செல்போன் எண்கள் கைமாறுகின்றன. முன்பு அதே எண்ணை வைத்திருந்தவரின் கேஸ் இணைப்பில் அந்த எண் இன்னும் பதிவில் இருக்கலாம். அப்படியானால் மெசேஜ்தான் உங்களுக்கு, பணம் அவருக்கு.

மெசேஜில் ஒரு லிங்க் இருந்து, ‘மானியம் பெற இதைத் தொடுங்கள்’ என்றோ, ஓ.டி.பி கேட்டோ வந்தால் அது மோசடி. மானியம் வாங்க யாரும் எந்த லிங்க்கையும் தொட வேண்டியதில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்ல வேண்டும்.

ஆதாருக்கு ஒரே ஒரு வங்கி

கேஸ் மானியத்தை நேரடியாக வங்கிக்கு அனுப்பும் ‘பஹல்’ திட்டம், 2015 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. அதில் பணம் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கேஸ் ஏஜென்சியில் கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணுக்கு நேராகப் போவது. இன்னொன்று, ஆதார் எண் வழியாகப் போவது. ஆதாரைக் கொடுத்துச் சேர்ந்தவர்களுக்கு இரண்டாவது வழிதான். குழப்பம் தொடங்குவதும் அங்கேதான்.

ஆதார் வழியில் பணம் போகும்போது, கேஸ் கம்பெனிக்கு உங்கள் கணக்கு எண் தேவையே இல்லை. ‘இந்த ஆதார் எண்ணுக்கு 300 ரூபாய்’ என்று மட்டும் அது எழுதி அனுப்புகிறது. அந்தப் பட்டியல், யூ.பி.ஐ-யை நடத்தும் அதே என்.பி.சி.ஐ நிறுவனத்துக்குப் போகிறது. அங்கே ஒரு பெரிய பதிவேடு இருக்கிறது. ஒவ்வோர் ஆதார் எண்ணுக்கும் எதிரே ஒரு வங்கியின் பெயர் இருக்கும். ஒன்றே ஒன்றுதான் இருக்கும், இரண்டு இருக்காது. எந்த வங்கியின் பெயர் இருக்கிறதோ, அந்த வங்கிக்குப் பணம் போகும். அந்த வங்கி, தன்னிடம் அந்த ஆதாரோடு இணைந்த கணக்கில் அதை வரவு வைத்துவிட்டு, ‘வரவு வைத்தாயிற்று’ என்று பதில் சொல்லும். அந்தப் பதில்தான் கேஸ் கம்பெனிக்குத் திரும்பி வந்து, உங்கள் செல்போனில் மெசேஜாக விழுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பதிவேட்டில் கடைசியாகப் பதிந்த வங்கியே நிற்கும் என்பது. உங்களுக்கு மூன்று வங்கிகளில் கணக்கு இருக்கலாம், மூன்றிலும் ஆதார் கொடுத்திருக்கலாம். மூன்றாவது வங்கி அரசு மானியத்துக்காக உங்கள் ஆதாரைப் பதிந்த நாளிலிருந்து, முதல் இரண்டும் கணக்கில் இல்லை. ஏஜென்சியில் போய்ப் புதிய பாஸ்புக் ஜெராக்ஸ் கொடுப்பதாலும் எதுவும் மாறாது. அந்தப் பதிவேட்டில் ஏஜென்சியால் கைவைக்க முடியாது, வங்கியால்தான் முடியும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. “என் கணக்குல ஆதார் லிங்க் ஆகியிருக்குன்னு பேங்க்லயே சொன்னாங்களே” என்பார்கள். கணக்கு வைத்திருப்பவர் யார் என்று சரிபார்க்க ஆதாரை வாங்கிப் பதிவது ஒன்று. மானியம் வாங்குவதற்காக என்.பி.சி.ஐ பதிவேட்டில் ஏற்றுவது வேறு. முதலாவது எத்தனை வங்கியிலும் இருக்கலாம். இரண்டாவது ஒரு வங்கியில் மட்டும்தான். வங்கியில் கேட்கும்போது, “ஆதார் லிங்க் ஆகியிருக்கா” என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். “அரசு மானியம் வாங்க என்.பி.சி.ஐ-ல மேப் ஆகியிருக்கா” என்று கேட்க வேண்டும்.

23 லட்சம் பேருக்கு நடந்தது

இந்தப் பதிவேடு ஒருவருக்குத் தெரியாமலே மாறினால் என்ன ஆகும் என்பதை 2017-ல் நாடே பார்த்தது. அப்போது எல்லோரும் சிம் கார்டை ஆதாரோடு இணைக்கச் சொல்லி மெசேஜ் மேல் மெசேஜ் வந்துகொண்டிருந்தது. மக்கள் கடைக்குப் போய்க் கைரேகை வைத்தார்கள். ஏர்டெல் கடைகளில் அப்படிக் கைரேகை வைத்த பலருக்கு, அதே வேகத்தில் ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில் ஒரு கணக்கும் திறக்கப்பட்டது. பலருக்கு அது தெரியாது. அந்தக் கணக்கு, ஆதார் பதிவேட்டிலும் கடைசியாகப் பதிந்ததாக ஏறிவிட்டது.

அதுவரை பழைய வங்கிக்கு வந்துகொண்டிருந்த கேஸ் மானியம் தடம் மாறியது. மெசேஜ் வழக்கம்போல வந்தது, பாஸ்புக் காலியாக இருந்தது. புகார்கள் குவிந்தபோது வெளிவந்த கணக்குப்படி, 23 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் 47 கோடி ரூபாய் மானியம் அவர்கள் அறியாத கணக்குகளில் விழுந்திருந்தது. 2017 டிசம்பரில் ஆதார் ஆணையம், அந்த நிறுவனம் ஆதார் மூலம் வாடிக்கையாளரைச் சரிபார்ப்பதை நிறுத்தி வைத்தது. தவறான கணக்குகளுக்குப் போன பணத்தைப் பழைய வங்கிகளுக்கே திருப்பி அனுப்ப நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அந்த வங்கிக்கு 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

அதன் பிறகு விதி இறுகியது. வாடிக்கையாளரின் தெளிவான சம்மதம் இல்லாமல் எந்த வங்கியும் மானியக் கணக்கைத் தன் பக்கம் மாற்றக் கூடாது. ஆனால், அந்தச் சம்மதம் வாங்கும் விதம்தான் கேள்வி. புதிதாகக் கணக்குத் திறக்கும் படிவத்தில், ‘அரசு மானியங்களை இந்தக் கணக்கில் பெறச் சம்மதிக்கிறேன்’ என்பது பல வரிகளில் ஒரு வரி. பத்து இடத்தில் கையெழுத்துப் போடும்போது பதினொன்றாவதாக அங்கேயும் ஒரு கையெழுத்து விழுந்துவிடும்.

தோல் தொழில் ஊர்களில் இது அடிக்கடி நடக்க வாய்ப்பிருப்பதற்குக் காரணம் வேலை மாறுவதுதான். 2017-ல் ஊதியச் சட்டத்தில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தொழிலாளியிடம் தனியாக எழுதி வாங்காமலே சம்பளத்தை வங்கியில் போட கம்பெனிக்கு வழி கிடைத்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் அது ஏற்பாடு செய்துகொண்ட வங்கி ஒன்று இருக்கும். கம்பெனி மாறினால் வங்கியும் மாறும். ஒரே நாளில் பத்துப் பதினைந்து பேருக்குச் சேர்த்துப் படிவம் நிரப்பிக் கைரேகை வாங்கும் இடத்தில், அந்த ஒரு வரியை நின்று படித்துக்காட்ட யாருக்கு நேரம்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 2018-ல் உஜ்வாலா இணைப்பு வாங்கினார். அப்போது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பொதுத்துறை வங்கியில் கணக்கு. 2024 மார்ச்சில் வாணியம்பாடி பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அங்கே ஒரு தனியார் வங்கியில் சம்பளக் கணக்கு திறந்தார்கள். ஒரு வருடம் கழித்து, பஸ் செலவு கட்டுப்படியாகாமல் அந்த வேலையை விட்டுவிட்டு உள்ளூரிலேயே வேறு கம்பெனியில் சேர்ந்தார். இந்தக் கம்பெனி அவருடைய பழைய பொதுத்துறை வங்கிக் கணக்கிலேயே சம்பளம் போடுகிறது. தனியார் வங்கிக் கணக்கை அவர் மறந்தே போனார். ஏ.டி.எம் கார்டு அலமாரியில் எங்கோ கிடக்கிறது.

2025 ஜூன் முதல் டிசம்பர் வரை ஐந்து சிலிண்டர் வாங்கினார். ஐந்து மெசேஜ் வந்தது. ஐந்து முந்நூறு, 1,500 ரூபாய். பொதுத்துறை வங்கி பாஸ்புக்கில் ஒரு வரவும் இல்லை.

அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, மெசேஜில் வங்கியின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் mylpg.in தளத்துக்குப் போய், தன் கேஸ் கம்பெனியின் சிலிண்டர் படத்தைத் தொட்டு, கேஸ் இணைப்பில் பதிந்த செல்போன் எண்ணால் உள்ளே நுழைய வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு மானியம், எந்தத் தேதியில், எந்த வங்கிக்குப் போனது என்ற விவரம் அங்கே இருக்கும். செல்போனில் பார்க்கத் தெரியாதவர்கள் ஏஜென்சியில் கேட்டாலே திரையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். “மானியம் வந்துச்சா” என்று கேட்காமல், “எந்த பேங்குக்குப் போச்சு, என்ன தேதி” என்று கேட்டால் வேலை முடிந்தது.

இரண்டாவது வேலை, ஆதார் பதிவேட்டில் எந்த வங்கி நிற்கிறது என்று நேராகப் பார்ப்பது. myaadhaar.uidai.gov.in தளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்தால், ஆதாரில் பதிந்த செல்போனுக்கு ஓ.டி.பி வரும். உள்ளே போனதும் Bank Seeding Status என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தொட்டால் வங்கியின் பெயர், அது இயக்கத்தில் இருக்கிறதா இல்லையா, கடைசியாக என்றைக்கு மாறியது என்ற தேதி எல்லாம் தெரியும்.

நம் உதாரணப் பெண்ணுக்கு அங்கே தனியார் வங்கியின் பெயர் வருகிறது. மாறிய தேதி 2024 மார்ச். வாணியம்பாடி கம்பெனியில் சேர்ந்த அதே மாதம். புதிர் அங்கேயே அவிழ்ந்துவிட்டது.

சிலருக்கு இந்தப் பக்கத்தில் கேள்விப்படாத வங்கியின் பெயர் வந்தாலும் பதற வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் பல பொதுத்துறை வங்கிகள் ஒன்றாகின. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. பழைய பாஸ்புக்கில் ஒரு பெயரும் திரையில் இன்னொரு பெயரும் இருக்கலாம்.

பணம் வந்தது, பிறகு போனது

அந்தப் பெண் அலமாரியில் ஏ.டி.எம் கார்டைத் தேடி எடுத்து, தனியார் வங்கிக் கிளைக்குப் போய்க் கணக்கு விவரத்தைக் கேட்கிறார். 300, 300 என்று ஐந்து வரவுகள் இருக்கின்றன. வரவுக்கு எதிரே APBS அல்லது LPG அல்லது DBTL என்ற எழுத்துகள் இருக்கும். அதுதான் கேஸ் மானியத்தின் அடையாளம். ஆனால் இருப்பில் 1,500 ரூபாய் இல்லை. 1,146 ரூபாய்தான் இருக்கிறது.

மீதி 354 எங்கே? சம்பளக் கணக்கு என்பது சம்பளம் வரும் வரைதான் இருப்பு இல்லாத கணக்காக நடக்கும். சில மாதங்கள் தொடர்ந்து சம்பளம் வராவிட்டால், வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். அப்போது குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டும், வைக்காவிட்டால் கட்டணம். 100 ரூபாய் கட்டணம், 18 சதவிகித ஜி.எஸ்.டி சேர்த்து 118 என்று மூன்று முறை எடுத்தால் 354. மானியம் விழ விழ அது கரைந்துகொண்டிருக்கிறது. இன்னும் சில மாதம் கவனிக்காமல் விட்டால் மீதியும் குறையும்.

இங்கே அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று கட்டணம் எடுப்பதற்கு முன்பு, வங்கி வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்பி, சரிசெய்ய ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2014-ம் ஆண்டு விதி. “எனக்கு எந்தத் தேதியில தகவல் அனுப்பினீங்க” என்று எழுத்தில் கேட்கலாம். தகவல் அனுப்பாமல் எடுத்திருந்தால் திருப்பித் தரச் சொல்லலாம். அந்தக் கணக்கு வேண்டும் என்றால், இருப்பு தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றிக் கேட்கலாம். வேண்டாம் என்றால் மூடிவிடலாம். ஆனால், மூடுவதற்கு முன்பு மானியத்தை வேறு வங்கிக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மானியம் போக இடம் இல்லாமல் திரும்பிப் போய்விடும்.

எந்த வங்கிக்கு மாற்றுவது?

மாற்றும் வேலையை, பணம் எந்த வங்கிக்கு வர வேண்டுமோ அந்த வங்கியில்தான் செய்ய வேண்டும். நம் உதாரணத்தில் பொதுத்துறை வங்கி. அங்கே ‘அரசு மானியம் பெற ஆதார் இணைப்புப் படிவம்’ என்று கேட்டால் தருவார்கள். அதில் புதிதாகச் சேர்ப்பது, வேறு வங்கியிலிருந்து மாற்றுவது, நீக்குவது என்று தனித்தனியாக இருக்கும். வேறு வங்கியிலிருந்து மாற்றுவது என்பதை டிக் செய்து, இப்போது பதிவில் இருக்கும் வங்கியின் பெயரை எழுத வேண்டும். அதனால்தான் ஆதார் தளத்தில் முன்பே பார்த்து வைத்துக்கொள்வது உதவும். பெயர் தெரியாமல் ‘புதிதாகச் சேர்ப்பது’ என்று டிக் செய்தால், படிவம் உள்ளே போயும் பதிவு மாறாமல் இருக்கலாம். படிவம் கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

சில வேலை நாள்கள் கழித்து மறுபடியும் Bank Seeding Status பார்க்க வேண்டும். வங்கியின் பெயர் மாறியிருந்தால்தான் வேலை முடிந்தது. கவுன்ட்டரில் ‘மாத்தியாச்சு’ என்று சொன்னதை மட்டும் நம்பி அடுத்த சிலிண்டரைப் புக் செய்யக் கூடாது.

இதில் இரண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. முதலாவது, மாற்றம் இனி வரும் பணத்துக்கு மட்டும்தான். ஏற்கெனவே பழைய வங்கியில் விழுந்த 1,146 ரூபாய் தானாக நகர்ந்து வராது, அவரே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். கார்டு தொலைந்திருந்தால், அடையாள அட்டையோடு கிளைக்குப் போய் எடுக்கலாம்.

இரண்டாவது இன்னும் முக்கியம். ஆதார் பதிவேடு கேஸ் மானியத்துக்கு மட்டும் என்று தனியாக இல்லை. ஆதார் வழியாக வரும் எல்லாப் பணத்துக்கும் அதே ஒரு வங்கிதான். நூறு நாள் வேலைச் சம்பளம், விவசாயிக்கு வரும் பி.எம் கிசான் தொகை, பிள்ளையின் கல்வி உதவித்தொகை என்று அவரவர் ஆதாருக்கு ஆதார் வழியாக எது வந்தாலும் வங்கி மாறும்போது அதுவும் கூடவே மாறும். கேஸ் மானியத்துக்காக மாற்றிவிட்டு, மூன்று மாதம் கழித்து ‘அந்தப் பணம் வரலையே’ என்று வேறொன்றைத் தேடக் கூடாது. அதனால் வீட்டுக்கு அருகில் இருக்கிற, எந்தக் கம்பெனி மாறினாலும் கையை விட்டுப் போகாத ஒரு கணக்கைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி.

வங்கி சரி, பணம் மட்டும் இல்லை என்றால்?

ஆதார் தளம் காட்டும் வங்கியும் கையில் இருக்கும் பாஸ்புக்கும் ஒன்றாகவே இருந்து, பணம் மட்டும் வராமல் இருப்பதும் உண்டு. அந்தத் தளம் வங்கியின் பெயரைத்தான் காட்டும், கணக்கு எண்ணைக் காட்டாது. ஒரே வங்கியில் ஜன்தன் கணக்கு ஒன்றும் சேமிப்புக் கணக்கு ஒன்றும் இருந்தால், எந்தக் கணக்கில் போடுவது என்பதை அந்த வங்கியின் பதிவுதான் முடிவு செய்யும். எனவே கிளையில், “என் ஆதாருக்கு வர்ற மானியம் எந்தக் கணக்கு எண்ணுக்குப் போகுது” என்று கேட்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன்பு முகாமில் திறந்து மறந்துபோன கணக்கு ஒன்று அங்கே உறங்கிக்கொண்டிருக்கலாம்.

அப்படி ஒரு கணக்கும் இல்லை என்றால், ஆதார் எண் எங்கோ மாறிப் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். ஏஜென்சியில் உங்கள் கேஸ் இணைப்பில் இருக்கும் ஆதாரின் கடைசி நான்கு எண்களைக் கேட்டுப் பாருங்கள். அது உங்களுடையதுதானா? சரியாக இருந்தால், வங்கி உங்கள் ஆதாரை இன்னொருவர் கணக்கில் தவறாக ஏற்றியிருக்கலாம். அப்போது வாய்ப்பேச்சு போதாது. கேஸ் கம்பெனி பக்கத்திலிருந்து பணம் போன தேதி, தொகை, பரிவர்த்தனை எண் மூன்றையும் வாங்கி, வங்கி மேலாளருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். தேதியும் எண்ணும் கையில் இருந்தால், ‘வரலை’ என்று ஒரு வார்த்தையில் அனுப்பிவிட முடியாது.

கேஸ் கம்பெனி பக்கத்துப் புகார்களுக்கு 1800-2333-555 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. வங்கியில் எழுத்தில் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பவர்கள் மாவட்டத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் இப்போது போக வேண்டியது திருப்பத்தூருக்கு. மேல்விஷாரம், ஆற்காடு, வாலாஜாவுக்கு ராணிப்பேட்டை. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே இருக்கின்றன.

அடுத்த முறை புதிய கம்பெனியில் சேரும்போது சம்பளக் கணக்குப் படிவத்தை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன், ‘அரசு மானியம்’ என்ற வரி எங்கே என்று கேட்டு, அதை மட்டும் ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். மானியம் இப்போது வரும் வங்கியிலேயே இருக்கட்டும் என்றால், அந்த இடத்தை டிக் செய்யாமல் விடலாம். அதற்காகச் சம்பளக் கணக்குத் திறக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.